உடைந்த பட்டை என்ன சொல்கிறது?

சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே ஒரு பிளாஸ்டர் பட்டை வைப்பார்கள். பட்டைமேல் தேதி எழுதுவார்கள். சில வாரம் கழித்து வந்து பார்ப்பார்கள். பட்டை உடைந்திருந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது, உடையாவிட்டால் அது செத்துப்போன விரிசல். இதற்கு ஆங்கிலத்தில் டெல்-டேல் என்று பெயர். நம் ஊர் வழக்கில் சொன்னால் கோள்சொல்லி. பெயர் பொருத்தம்தான். கோள் சொல்பவர் நடந்ததை முழுசாகச் சொல்ல மாட்டார், ஒரு துண்டை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மீதியைக் கேட்பவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பதிவு அந்த மீதியைப் பற்றியது. பட்டை வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பட்டை சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எழுதி, அதை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்ய வைக்கும் அறிக்கைகள்தான் என் புகார்.

முதலில் பட்டையின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். விரிசலின் இரண்டு பக்கமும் பெயிண்ட், பட்டி, மேல்பூச்சு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, செங்கல் தெரியும் அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து, ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, இரண்டு விரல் அகலத்தில், மெல்லிசாக ஒரு பட்டை இழுக்கிறோம். காய்ந்த ஜிப்சம் இழுவையைத் தாங்காது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவுக்கு விரிசல் திறந்தாலே தெறித்துவிடும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஜிப்சம் இறுகும்போது சுருங்காது, மிகக் கொஞ்சம் விரியும். சிமென்ட் கலவை அப்படி இல்லை. காயக் காயச் சுருங்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கைவசம் இல்லையென்று சிமென்ட் கலவையிலேயே பட்டை போட்டுவிட்டுப் போகும் மேஸ்திரிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டை சுவர் அசையாமலே, தானாகச் சுருங்கி, தனக்குக் கீழே பிடிமானம் இல்லாத இடத்தில், அதாவது சரியாக விரிசலுக்கு மேலேயே, உடையும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு நேர் எதிரான கோளாறு கண்ணாடிப் பட்டையில் வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் பசை போட்டு ஒட்டுவார்கள். பசை கண்ணாடியைவிட பலவீனமாக இருந்தால், சுவர் அசையும்போது கண்ணாடி உடையாது. ஒரு முனை பெயர்ந்துகொண்டு நிற்கும். பெயிண்ட் மேலேயே ஒட்டியிருந்தால் இது கட்டாயம் நடக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் கண்ணாடி முழுசாக இருக்கிறது, எனவே 'அசைவு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். விரலால் இரண்டு முனையையும் தட்டிப் பார்த்தால் போதும், பெயர்ந்த முனை பொள்ளல் சத்தம் கொடுக்கும். தட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கும் அறிக்கையை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, பட்டையைச் சரியாகவே போட்டாச்சு, அது உடைஞ்சும் போச்சு என்று வைத்துக்கொள்வோம். இப்போது நமக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பட்டை போட்ட நாளுக்கும் பார்த்த நாளுக்கும் இடையில், குறைந்தது ஒரு தடவை, விரிசலின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று நகர்ந்திருக்கின்றன. எவ்வளவு நகர்ந்தன, எந்தத் திசையில், திரும்பி வந்தனவா இல்லையா, இப்போதும் நகர்கின்றனவா, எதுவும் தெரியாது. உடைந்த பிறகு அந்தப் பட்டை மௌனமாகிவிடும். 'விரிசல் தொடர்ந்து நகர்கிறது' என்பதில் உள்ள 'தொடர்ந்து' என்ற சொல்லை எழுதியவர் தானாகச் சேர்த்தது.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பதை மதுரையில் என் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். கீழ்த்தளம், மேலே ஒரு மாடி. தூண் இல்லாமல் செங்கல் சுவரே பாரம் தாங்கும் பழைய பாணி வீடு. மாடியின் கூரைத் தளம் கிழக்கு மேற்காக 11 மீட்டர் நீளம். மாடியில், கூரைக் கான்கிரீட்டுக்கு நேர் கீழே, தெற்குச் சுவரின் மேற்கு மூலையில் படுக்கைவாட்டில் ஒரு விரிசல். மேற்குச் சுவரிலும் அதே மட்டத்தில் அது திரும்பி ஓடியது. கீழ்த்தளத்தில் ஒன்றுமே இல்லை. பார்க்க வந்தவர் மூன்று பட்டைகள் வைத்தார். ஒன்பதாம் நாள் மூன்றும் உடைந்திருந்தன. 'கட்டடம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டும்' என்று ஒரு பக்க அறிக்கை. கூடவே ஒரு மதிப்பீடு. சித்தப்பா அதை எனக்கு அனுப்பிவிட்டு, "என்னப்பா, வீட்டை வித்துரலாமா?" என்று கேட்டார்.

விரிசல் இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லியிருந்தது. அஸ்திவாரம் ஒரு மூலையில் இறங்கினால் விரிசல் பெரும்பாலும் சாய்வாக, படிப்படியாக, ஜன்னல் மூலைகளைப் பிடித்து ஓடும். கீழ்த்தளம் சும்மா இருக்காது. உச்சி மாடியில் மட்டும், கூரைக்குக் கீழே மட்டும், படுக்கையாக வரும் விரிசலுக்கு முதல் சந்தேகம் வெயில்மேல்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1984-ல் வெளியிட்ட எஸ்.பி. 25 என்ற விரிசல் கையேடு இந்த வகையை விளக்கியிருக்கிறது.

கணக்கு எளிது. கான்கிரீட் ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீளும். 11 மீட்டர் தளத்தின் சராசரிச் சூடு விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே 15 டிகிரி ஏறுவதாக வைத்தால், 11,000 மில்லிமீட்டர் × 15 ÷ 1,00,000, அதாவது சுமார் 1.65 மில்லிமீட்டர் நீளம் கூடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் ஒவ்வொரு முனையிலும் 0.8. கீழே இருக்கும் சுவரும் கொஞ்சம் சூடாகும், ஆனால் தளத்தின் அளவுக்கு அல்ல. செங்கல் சுவர் அதே சூட்டுக்கு ஏறக்குறைய பாதிதான் நீளும். ஆக தளம் சுவர்மேல் வழுக்கிக்கொண்டு போகும், சாயங்காலத்துக்கு மேல் திரும்பி வரும். காலையில் வைத்த பட்டை அன்று மாலையே உடைந்திருக்கும். ஒன்பது நாள் காத்திருந்தது வீண்.

ஆனால் இது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. அளந்து பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் அளவுத்தகடு நினைவுக்கு வரலாம்: ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஒன்றில் மில்லிமீட்டர் கட்டங்கள், மற்றதில் குறுக்குக்கோடு. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு தகட்டை ஒட்டிவிட்டால், குறுக்குக்கோடு கட்டங்கள்மேல் நகர்வதைப் படிக்கலாம். பட்டையைவிட எவ்வளவோ மேல். அளவும் தெரியும், திசையும் தெரியும், திரும்பி வந்தால் அதுவும் தெரியும். ஆனால் அது ஒரு மில்லிமீட்டர் கட்டம். கண்ணை வைத்து அரை மில்லிமீட்டர் வரை மதிப்பிடலாம், அதற்குக் கீழே ஊகம். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே கோடு இடம் மாறித் தெரியும். நான் தேடியதோ அரை மில்லிமீட்டரை ஒட்டிய நகர்வு.

எனவே மூன்று திருகாணி முறையை எடுத்துக்கொண்டேன். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1989-ல் தன் 343-ஆம் கைச்சுருக்கத்தில் சிறு கட்டடங்களின் விரிசல்களை எளிதாக அளப்பதைப் பற்றி எழுதியது. இந்த முறை அந்த வழியில் வந்தது. தேவை மூன்று பித்தளைத் திருகாணி, ஒரு டிஜிட்டல் காலிபர். விரிசலுக்குக் கீழே சுவரில் அ, ஆ என்று இரண்டு திருகாணி, ஒரே மட்டத்தில், 60 மில்லிமீட்டர் இடைவெளியில். மேற்கே இருப்பது அ. விரிசலுக்கு மேலே, அ-வுக்கு நேர் மேலே 80 மில்லிமீட்டரில், கூரைத் தளத்தின் விளிம்பில் மூன்றாவது, இ. ஆ-வுக்கும் இ-க்கும் இடையே தானாக 100 வந்துவிடும். பள்ளிக்கூடத்து மூன்று-நான்கு-ஐந்து முக்கோணம்.

மூன்று தூரத்தையும் அளக்கிறோம். அ-இ கூடினால் விரிசல் வாய் திறக்கிறது. ஆ-இ கூடினால், திறப்பும் வழுக்கலும் கலந்து தெரிகின்றன. தளம் மேற்கே வழுக்கினால் அதில் 0.6 பங்கும், மேலே தூக்கினால் அதில் 0.8 பங்கும் இந்தத் தூரத்தில் சேரும். ஆகவே ஆ-இ கூடுதலிலிருந்து, அ-இ கூடுதலின் 0.8 பங்கைக் கழித்து, 0.6-ஆல் வகுத்தால் வழுக்கல் கிடைத்துவிடும். மூன்றாவது தூரமான அ-ஆ எதற்கு? இரண்டும் ஒரே சுவரில் இருப்பவை, அந்தத் தூரம் மாறவே கூடாது. மாறினால் திருகாணி ஆடுகிறது, அல்லது நான் காலிபரை ஒழுங்காகப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இந்த வேலையில்லாத மூன்றாவது அளவுதான். தன் தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் வசதி பிளாஸ்டர் பட்டையில் கிடையாது.

காலை 6 மணிக்கு ஒரு முறை, பிற்பகல் 4 மணிக்கு ஒரு முறை அளந்தேன். ஒவ்வொரு தூரத்தையும் மூன்று தடவை அளந்து நடுவில் நிற்பதை எழுதினேன். காலிபர் திரையில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும், ஆனால் கைப்பிடியில் இருபதில் ஒன்று, அதாவது 0.05, தள்ளுபடி என்று வைத்துக்கொள்வதே நியாயம். முதல் நாள் பிற்பகலில் அ-இ 0.05 கூடியிருந்தது, ஆ-இ 0.40 கூடியிருந்தது, அ-ஆ மாறவில்லை. 0.40-லிருந்து 0.04 போனால் 0.36, 0.6-ஆல் வகுத்தால் 0.60 மில்லிமீட்டர். தளம் மேற்கே வழுக்கியிருக்கிறது, விரிசல் வாய் திறக்கவே இல்லை என்று சொல்லலாம். மறுநாள் காலை 6 மணிக்கு எல்லாத் தூரமும் பழைய இடத்துக்கு 0.05-க்குள் வந்துவிட்டன. மேகம் மூடிக் கிடந்த ஒரு நாளில் வழுக்கல் பாதிகூட இல்லை.

பட்டை இதற்கெல்லாம் 'உடைந்தது' என்ற ஒரே பதிலைத்தான் கொடுத்திருந்தது. பொய் இல்லை. ஆனால் வெயிலில் நீளும் கூரைக்கு அஸ்திவாரத்தைத் தோண்ட வைக்கப் பார்த்தது.

இங்கே அளவுத்தகட்டின் இன்னொரு குறையும் வெளிப்பட்டது. அதே தளம் மேற்குச் சுவரை என்ன செய்யும்? பக்கவாட்டில் அல்ல, நேராக வெளியே தள்ளும். மேற்குச் சுவர்மேல் தகட்டை ஒட்டினால், தளம் நம்மை நோக்கி அரை மில்லிமீட்டருக்கு மேல் வந்தாலும் குறுக்குக்கோடு நகராது. தட்டையான தகடு சுவரின் தளத்துக்குள் நடக்கும் நகர்வை மட்டுமே காட்டும். மூன்று திருகாணியும் ஏறக்குறைய அப்படியே. மேற்குச் சுவரில் மட்டும் அளந்திருந்தால் 'அசைவு இல்லை' என்று எழுதியிருப்போம். எங்கே அளப்பது என்பதைக் கருவி முடிவு செய்யாது, விரிசலுக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்ற ஊகம்தான் முடிவு செய்யும்.

ஒரு நாள் சுழற்சி இப்படி என்றால், ஆண்டுச் சுழற்சி இன்னும் ஏமாற்றும். கோயம்புத்தூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மண் காய்ந்து சுருங்கும், மூலை இறங்கும், விரிசல் திறக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி உப்பும், விரிசல் மூடிக்கொள்ளும். பிப்ரவரியில் வைத்த பட்டை ஏப்ரலில் உடைவது உறுதி. ஒரு மாதிரிக் கணக்கு: ஜனவரியில் பூஜ்யம், மே மாதம் 0.9, நவம்பரில் 0.1, அடுத்த ஜனவரியில் மறுபடி பூஜ்யத்தை ஒட்டி. இந்தச் சுவர் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் ஜனவரியில் பூஜ்யம், மே மாதம் 0.9, நவம்பரில் 0.5, அடுத்த ஜனவரியில் 0.4 என்றால், ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் பாக்கி வைக்கிறது. கவலைப்பட வேண்டியது இதுதான். மே மாதம்வரை பார்த்தால் இரண்டும் ஒன்று. பட்டையிலோ கடைசிவரை இரண்டும் ஒன்று. ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடும்வரை யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

இந்தப் பாக்கியை உலகத்திலேயே பொறுமையாக எண்ணிக்கொண்டிருக்கும் இடம் பிளாரன்ஸ் நகரத்துப் பேராலயம். புருனெலெஸ்கி 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தச் செங்கல் குவிமாடத்தில் பெரிய விரிசல்கள் உண்டு. 1955-ல் அவற்றின் குறுக்கே 22 இயந்திர அளவிகளைப் பொருத்தி, ஆண்டுக்கு நான்கு முறை படித்துவந்தார்கள். 1987-லிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் தானாகவே பதிவுசெய்கின்றன, வெப்பநிலையையும் சேர்த்து. பருவத்துக்குப் பருவம் விரிசல்கள் திறந்து மூடுகின்றன. அந்த ஊசலுக்கு அடியில், பெரிய விரிசல்கள் நூற்றாண்டுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அகலமாகிக்கொண்டே போகின்றன. ஆண்டுக்கு 0.03. பல பத்தாண்டு அளவுகளை அடுக்கி, வெப்பநிலையின் பங்கைக் கழித்தால்தான் இது கண்ணில் படும். அங்கே ஒரு பிளாஸ்டர் பட்டை வைத்திருந்தால் முதல் பருவ மாற்றத்திலேயே உடைந்திருக்கும். உண்மைதான், விரிசல் நகர்கிறது. ஆனால் பட்டையை உடைத்தது பருவம். கவலைக்குரியது அந்த 0.03. சரியான விடை, தப்பான காரணம்.

அப்படியானால் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. பக்கத்து மனையில் அடித்தளத்துக்குத் தோண்டுகிறார்கள், உங்கள் பொதுச்சுவரில் பழைய விரிசல் ஒன்று இருக்கிறது. தோண்டும் இந்த இரண்டு வாரத்தில் அது அசைகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆமாம்-இல்லை பதில் போதும், வாட்ச்மேனே காலையில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் தோண்ட ஆரம்பிப்பதற்குச் சில வாரம் முன்பே பட்டை வைத்திருக்க வேண்டும். வேலை இல்லாத நாட்களிலும் அது உடைகிறது என்றால், பின்னால் உடைவதற்குப் பக்கத்து மனையைக் குறை சொல்ல முடியாது. வெயில் படாத உட்சுவரில் வைப்பது நல்லது. மழையில் நனையும் இடத்தில் ஜிப்சம் ஊறி மெதுவாகிவிடும். அங்கே அது முழுசாக இருப்பதற்கும் அர்த்தம் இல்லை.

சித்தப்பா வீட்டில் கடைசியில் செய்தது இவ்வளவு: கூரைமேல் பெயர்ந்து கிடந்த தட்டோடுகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்து, மேலே வெள்ளை அடித்தோம். விரிசலைச் சிமென்டால் அடைக்கவில்லை. தினமும் அரை மில்லிமீட்டர் நகரும் இடத்தில் சிமென்ட் வைத்தால், அதுவும் ஒரு பெரிய பட்டைதான், உடையத்தான் செய்யும். இழுபடும் சீலண்ட் போட்டோம். திருகாணிகள் மூன்றும் இன்னும் சுவரில் இருக்கின்றன. வெள்ளை அடித்த பிறகு, அதேபோன்ற ஒரு வெயில் நாளில், வழுக்கல் 0.60-லிருந்து 0.35-க்கு இறங்கியது.

உங்கள் கைக்கு ஒரு விரிசல் அறிக்கை வந்தால், அதில் 'உடைந்தது' என்ற சொல்லைத் தாண்டி இரண்டு விஷயம் தேடிப் பாருங்கள். ஒன்று, அளந்த நேரமும் அன்றைய வெப்பநிலையும். மற்றொன்று, திரும்பி வந்ததா என்பதற்கான அளவு. கூரைக்கடி விரிசல் என்றால் மறுநாள் விடியற்காலை அளவு, மண் சார்ந்தது என்றால் அடுத்த ஆண்டு இதே மாதத்து அளவு. இரண்டும் இல்லாத அறிக்கை விரிசலைப் பற்றியது அல்ல, பட்டையைப் பற்றியது.